டேட்டா பைப்லைனில் வரி எண்ணிக்கையும் கட்டுப்பாட்டுக் கூட்டுத்தொகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் உள்ள விடைகள் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்ந்து செல்கின்றன. விற்பனை அமைப்பிலிருந்து நாள்தோறும் ஒரு சி.எஸ்.வி. கோப்பு வருகிறது, அதன் ஒவ்வொரு வரியும் ஓர் ஆர்டரில் உள்ள ஒரு பொருளைக் குறிக்கிறது. அந்தக் கோப்பை முதலில் அப்படியே ஓர் அட்டவணையில் ஏற்றுகிறோம். அடுத்து எழுத்தாக உள்ள தேதியையும் தொகையையும் உரிய வகைக்கு மாற்றுகிறோம். பிறகு இரட்டை வரிகளை நீக்குகிறோம், வாடிக்கையாளர் அட்டவணையுடன் இணைக்கிறோம், கடைசியில் மண்டலவாரியாகத் திரட்டுகிறோம். ஆக, ஐந்து படிகள். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை; அவற்றில் காட்டியுள்ள தவறுகள் எந்த பைப்லைனிலும் வரக்கூடியவை.

பைப்லைன் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்?

பிழையின்றி முடிந்தது என்றால், கொடுத்த கட்டளைகள் எல்லாம் ஓடி முடிந்தன என்று மட்டுமே பொருள். உள்ளே போன தரவு முழுவதும் வெளியே வந்ததா என்பதைப் பற்றி அந்தச் செய்தி எதுவும் சொல்வதில்லை. `INNER JOIN` எழுதிய இடத்தில் ஒரு வரிக்கு இணை கிடைக்காவிட்டால் தரவுத்தளம் அந்த வரியை விட்டுவிடும். அதன் பார்வையில் அது பிழையே இல்லை, கேட்டதைத்தான் செய்திருக்கிறது. பாண்டாஸில் `errors='coerce'` என்று எழுதினால், எண்ணாக மாற்ற முடியாத மதிப்பு சத்தமில்லாமல் வெற்று மதிப்பாகிவிடும். ஸ்பார்க்கில் `DROPMALFORMED` என்று அமைத்திருந்தால், வடிவம் பிசகிய வரிகள் படிக்கும்போதே உதிர்ந்துவிடும். இம்மூன்றிலும் பைப்லைன் வெற்றி என்றே முடியும்.

இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் பதிவுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. ஆய்வகத் தரவைப் பழைய `.xls` வடிவத்துக்குக் கொண்டுவந்ததே காரணம் என்று அப்போது செய்தி வந்தது. அந்த வடிவத்தின் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. கோப்பில் இருந்த வரிகளையும் தாளில் வந்து சேர்ந்த வரிகளையும் அன்றன்றே எண்ணி ஒப்பிட்டிருந்தால், வேறு எந்த நுட்பமும் இல்லாமலே இந்த இழப்பு முதல் நாளில் கண்ணில் பட்டிருக்கும்.

மூலக் கோப்பில் எத்தனை வரிகள் உள்ளன என்பதை `wc -l` மூலம் பார்த்தால் போதுமா?

போதாது. அந்தக் கட்டளை வரிகளை எண்ணுவதில்லை, வரிமாற்றக் குறிகளை எண்ணுகிறது. தலைப்பு வரியும் அதில் சேர்ந்துவிடும். கடைசி வரிக்குப் பின் வரிமாற்றக் குறி இல்லையென்றால் ஒன்று குறையும். தலைப்பால் ஒன்று கூடி, கடைசி வரியால் ஒன்று குறைந்து, தற்செயலாகச் சரியான எண் கிடைப்பதும் உண்டு. அடுத்த நாள் கோப்பு வேறு விதமாக முடிந்தால் கணக்கு ஒன்று பிசகும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் குறிப்புப் புலத்தில் யாராவது என்டர் தட்டியிருந்தால், ஒரே பதிவு இரண்டு வரியாக எண்ணப்படும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது இதற்கு எதிரான நிலை. அங்குலத்தைக் குறிக்க ஒருவர் குறிப்புப் புலத்தின் தொடக்கத்தில் ஒற்றை `"` குறியை இட்டுவிட்டார் என்று வையுங்கள். கோப்பைப் படிக்கும் நிரல் அதை மேற்கோளின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அடுத்த `"` வரும்வரை உள்ள அனைத்தையும் ஒரே புலத்துக்குள் விழுங்கிவிடக்கூடும். இடையில் இருந்த இருநூறு வரிகள் ஒரே வரியின் குறிப்பாகிவிடும். நிரலின் அமைப்பைப் பொறுத்து, அது இதைப் பிழையாகக் காட்டாமலும் போகலாம்.

எனவே எத்தனை வரிகள் என்பதைக் கோப்பை அனுப்புபவரே சொல்ல வேண்டும். கோப்பின் கடைசியில் ஒரு டிரெய்லர் வரி வைப்பது பழைய வழக்கம், இன்றும் நன்றாகப் பயன்படும் வழக்கம். அது முடியாவிட்டால் கோப்புடன் இணைந்த சிறு கணக்குக் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நம் எடுத்துக்காட்டில் டிரெய்லர் வரி இப்படி உள்ளது:

```
TRL|10240|5187460.00
```

கோப்பில் 10,240 வரிகள் உள்ளன, தொகைப் புலத்தின் கூட்டு 51,87,460 என்கிறது இந்த வரி. இந்த எண்கள் மூல அமைப்பின் தரவுத்தளத்திலிருந்தே எடுத்தவையா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோப்பை எழுதிய நிரலே, தான் எழுதிய வரிகளை எண்ணி டிரெய்லரையும் இட்டிருந்தால், எழுதுவதற்கு முன்பே விடுபட்ட வரிகளைப் பற்றி அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது.

வரி எண்ணிக்கை பொருந்துகிறது. கூட்டுத்தொகையும் தேவையா?

தேவை. எண்ணிக்கை காணாத இழப்பைக் கூட்டுத்தொகை காணும். `"1,250"` என்று காற்புள்ளியுடன் வந்த தொகையை `TRY_CAST` மூலம் எண்ணாக மாற்ற முயன்று அது தோற்றால், வரி அப்படியே இருக்கும். தொகை மட்டும் `NULL` ஆகிவிடும். வரிகளை எண்ணினால் ஒன்றும் குறைந்திருக்காது. `SUM` கட்டளையோ `NULL` மதிப்புகளைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்று, குறைந்த கூட்டை எந்த எச்சரிக்கையும் இன்றித் தரும். டிரெய்லரில் உள்ள கூட்டுடன் ஒப்பிட்டால் மட்டுமே 1,250 காணாமல் போனது தெரியவரும்.

பணம் சார்ந்த ஒரு புலத்தையும் அளவு சார்ந்த ஒரு புலத்தையும் கூட்டுவது பெரும்பாலும் போதுமானது. ஆனால் விற்பனை கூட்டல் குறியிலும், திருப்பி அனுப்பியவை கழித்தல் குறியிலும் வரும் தரவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு விற்பனையும் அதற்கான திருப்பமும் சேர்ந்தே தொலைந்தால், கூட்டு சிறிதும் மாறாது. இப்படிப்பட்ட தரவில் `SUM(amount)` உடன் `SUM(ABS(amount))` என்பதையும் எடுத்து வைக்க வேண்டும்.

தொகையே இல்லாத தரவாக இருந்தால், பொருளற்ற கூட்டு ஒன்றும் உதவும். வாடிக்கையாளர் எண்களை எல்லாம் கூட்டினால் வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஆனாலும் முன்னும் பின்னும் அந்த எண் மாறக் கூடாது. கணக்குத் துறையில் இதை ஹாஷ் டோட்டல் என்பார்கள். கூட்டு பெரிதாகி, எண் வகையின் எல்லையைத் தாண்டாமல் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழையான வரிகளை நாங்களே ஒதுக்குகிறோம். அப்படியிருக்க எண்ணிக்கை எப்படிப் பொருந்தும்?

வெளியே வந்த எண்ணிக்கை உள்ளே போன எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே வந்தவற்றையும் ஒதுக்கியவற்றையும் கூட்டினால் உள்ளே போனதற்குச் சமமாக வேண்டும்; அவ்வளவுதான். இதற்கு, ஒதுக்கிய வரிகள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். எந்த வரியையும் நீக்காமல், காரணத்தைக் குறித்து ஒரு தனி அட்டவணையில் போட்டு வையுங்கள். பதிவுக் கோப்பில் ‘12 வரிகள் தவிர்க்கப்பட்டன’ என்று ஒரு வாசகம் எழுதிவிட்டு வரிகளைத் தூக்கி எறிவது, இந்தச் சமன்பாட்டைச் சரிபார்க்கவே முடியாதபடி செய்துவிடும்.

நம் எடுத்துக்காட்டின் இரண்டாம் படியில் 10,240 வரிகள் உள்ளே போய், 10,228 வரிகள் வெளியே வந்தன. 12 வரிகள் ஒதுக்கப்பட்டன. எண்ணிக்கை சரி. கூட்டுத்தொகையைப் பார்ப்போம். வெளியே வந்தவற்றின் கூட்டு 51,78,725. ஒதுக்கியவற்றில் 9 வரிகள் தேதி பிசகியவை. அவற்றின் தொகை தெளிவாக உள்ளது, கூட்டு 4,310. மற்ற 3 வரிகளில் தொகையே எண்ணாக மாறவில்லை. எனவே அவற்றைக் கூட்ட முடியாது. ஆனால் டிரெய்லரின் கூட்டு நம்மிடம் இருக்கிறது. 51,87,460-லிருந்து 51,78,725-ஐயும் 4,310-ஐயும் கழித்தால் 4,425 மிஞ்சுகிறது. அந்த 3 வரிகளைத் திறந்து பார்த்தால் `"1,250"`, `"2,100"`, `"1,075"` என்று இருக்கின்றன. கூட்டினால் சரியாக 4,425. இப்போது கணக்கு முழுவதும் மூடிவிட்டது. அத்துடன் காற்புள்ளியை நீக்கிவிட்டு மாற்ற வேண்டும் என்ற திருத்தமும் கையில் கிடைத்துவிட்டது. அந்தத் திருத்தத்தை அடுத்த ஓட்டத்தில் சேர்ப்போம்; இந்த ஓட்டத்துக்கு மேற்கண்ட எண்களையே தொடர்வோம்.

மூன்றாம் படியும் இதே முறைதான். இரட்டை என்று நீக்கியவை 38 வரிகள், அவற்றின் கூட்டு 16,525. மிஞ்சியவை 10,190 வரிகள், கூட்டு 51,62,200. நீக்கிய 38 வரிகளையும் ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது. ஒரே ஆர்டரில் ஒரே பொருளை ஒருவர் இரண்டு முறை உண்மையாகவே வாங்கியிருக்கலாம். வரிக்கான தனி அடையாளம் இல்லாமல் ஆர்டர் எண்ணையும் பொருளையும் வைத்து மட்டும் இரட்டை என்று முடிவு செய்திருந்தால், உண்மையான விற்பனையே நீங்கியிருக்கும். இங்கே சமன்பாடு பொருந்தினாலும் தவறு தெரியாது, ஏனெனில் நீக்கலாம் என்ற முடிவை நாமே எடுத்திருக்கிறோம்.

வாடிக்கையாளர் அட்டவணையுடன் இணைத்த பிறகு இரண்டு வரிகள்தான் குறைந்துள்ளன. இவ்வளவு சிறிய வேறுபாட்டை விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. பைப்லைனில் இணைக்கும் படியைப் போல ஏமாற்றும் படி வேறு இல்லை என்பது என் கருத்து. மற்றப் படிகளில் வரிகள் குறைய மட்டுமே செய்யும். இணைப்பில் குறைவதும் கூடுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்ட பின் மிஞ்சுவதைத்தான் நீங்கள் ‘இரண்டு’ என்று பார்க்கிறீர்கள்.

நான்காம் படிக்குள் 10,190 வரிகள் போயின, 10,188 வரிகள் வந்தன. அரை விழுக்காடு வரை வேறுபாடு இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருந்தால், இந்தப் படி எந்த எச்சரிக்கையும் இன்றித் தேறிவிடும். கூட்டுத்தொகையோ 51,62,200-லிருந்து 51,40,750 ஆகியிருக்கிறது. 21,450 குறைவு. ஒரு வரியின் சராசரித் தொகை ஏறத்தாழ 507. அப்படியானால் இரண்டு வரிகள் போனால் ஆயிரத்துச் சொச்சம்தான் குறைய வேண்டும். சராசரியைவிட மிகப் பெரிய இரண்டு வரிகள் போயிருக்கலாம் என்ற வாய்ப்பு உண்டு என்றாலும், முதலில் சந்தேகிக்க வேண்டியது வேறு. இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT COUNT(*)                AS n,
       COUNT(DISTINCT line_id) AS n_id,
       SUM(amount)             AS total
FROM   step4_joined;
```

இதில் `n` 10,188 என்றும், `n_id` 10,149 என்றும் வருகிறது. `line_id` என்பது ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளம். மூன்றாம் படி முடிந்தபோது அது 10,190 ஆக இருந்தது. எனவே 41 வரிகள் தொலைந்துள்ளன. 39 வரிகள் இரண்டாவது முறை வந்துள்ளன. இரண்டு என்று நினைத்த இடத்தில் எண்பது வரிகள் தவறு. தொலைந்தவை எவை என்பதை இப்படிக் காணலாம்:

```sql
SELECT s.customer_id, COUNT(*), SUM(s.amount)
FROM   step3_dedup s
WHERE  NOT EXISTS (SELECT 1 FROM customer c
                   WHERE c.customer_id = s.customer_id)
GROUP BY s.customer_id;
```

இங்கே `NOT IN` எழுதுவதைத் தவிர்த்தது வேண்டுமென்றே. உள்கேள்வியில் ஒரே ஒரு `NULL` இருந்தாலும் `NOT IN` ஒரு வரியையும் தராது. நீங்கள் ‘ஒன்றும் தொலையவில்லை’ என்று நம்பிவிடுவீர்கள்.

விடையில் 41 வரிகளும் வருகின்றன, கூட்டு 39,700. அவற்றில் 8 வரிகளுக்கு `customer_id` புலமே வெற்றாக இருந்தது. இருபுறமும் `NULL` இருந்தாலும் எஸ்.கியூ.எல். அவற்றைச் சமம் என்று கொள்ளாது, ஆகவே அந்த வரிகள் எப்போதும் விடுபடும். பாண்டாஸின் `merge` இதற்கு நேர்மாறாக, வெற்று மதிப்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 33 வரிகள் புதிய வாடிக்கையாளர்களுடையவை. வாடிக்கையாளர் அட்டவணை முன்னிரவில் புதுப்பிக்கப்படுகிறது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் ஆர்டர்கள் மட்டும் இந்தக் கோப்பில் வந்துவிட்டன.

இரண்டு முறை வந்த 39 வரிகளின் கூடுதல் தொகை 18,250. முகவரி மாறிய சில வாடிக்கையாளர்களுக்குப் பழைய வரியை முடித்து வைக்காமல் புதிய வரியைச் சேர்த்திருந்தார்கள். ஒரு குறியீட்டுக்கு அட்டவணையில் இரண்டு வரிகள் இருந்தால், அவர்களுடைய ஆர்டர் ஒவ்வொன்றும் இரண்டாகும். 51,62,200-லிருந்து 39,700-ஐக் கழித்து 18,250-ஐக் கூட்டினால் 51,40,750. வேறுபாடு முழுவதும் விளக்கப்பட்டுவிட்டது. ஒரு காசும் மிச்சமில்லை.

திருத்தம் இரண்டு பகுதி கொண்டது. வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரு குறியீட்டுக்கு ஒரு வரிதான் என்பதை இணைப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும். பாண்டாஸில் `merge` உடன் `validate='many_to_one'` என்று எழுதினால், இந்த நிபந்தனை மீறப்படும்போது நிரல் அங்கேயே நின்றுவிடும். அடுத்து, `INNER JOIN` இருந்த இடத்தில் `LEFT JOIN` இட்டு, இணை கிடைக்காத வரிகளுக்கு ‘அறியப்படாதவர்’ என்ற வாடிக்கையாளரைக் குறிக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்த பின் நான்காம் படி முடிவில் 10,190 வரிகளும் 51,62,200 கூட்டும் அப்படியே இருந்தன.

`LEFT JOIN` பற்றி ஓர் எச்சரிக்கை. அதன்பின் வரும் `WHERE` பகுதியில் வலப்பக்க அட்டவணையின் புலத்துக்கு `c.status = 'A'` என்பது போன்ற நிபந்தனையை வைத்தால், இணை கிடைக்காத வரிகள் மறுபடியும் உதிர்ந்துவிடும். நிபந்தனையை `ON` பகுதிக்குள் வைக்க வேண்டும்.

திரட்டிய பிறகு ஆயிரக்கணக்கான வரிகள் பதினைந்தாகிவிடுகின்றன. அங்கே எதை எதனுடன் ஒப்பிடுவது?

திரட்டும்போதே எத்தனை வரிகள் சேர்ந்தன என்பதையும் ஒரு புலமாக வைத்துக்கொள்ளுங்கள். மண்டலம், வரி எண்ணிக்கை, தொகை என்று மூன்று புலங்கள் இருந்தால், எண்ணிக்கைப் புலத்தின் கூட்டு 10,190 ஆகவும் தொகைப் புலத்தின் கூட்டு 51,62,200 ஆகவும் வர வேண்டும். நாம் ‘அறியப்படாதவர்’ என்று குறித்த வரிகள் இப்போது அறியப்படாத மண்டலமாகத் தனியே நிற்கும். அறிக்கையில் அந்த வரி அழகாக இல்லை என்று அதை மறைக்கச் சொல்பவர்கள் உண்டு. மறைத்தால் கூட்டு பொருந்தாது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். பாண்டாஸின் `groupby`, தொகுக்கும் புலம் வெற்றாக உள்ள வரிகளை இயல்பாகவே விட்டுவிடும். `dropna=False` என்று கொடுத்தால்தான் அவையும் ஒரு தொகுதியாக வரும்.

தனித்தனி வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை, சராசரி போன்றவற்றை இப்படிக் கூட்டி ஒப்பிட முடியாது. ஒரே வாடிக்கையாளர் இரண்டு மண்டலங்களில் வாங்கியிருந்தால், மண்டலவாரி எண்ணிக்கைகளின் கூட்டு மொத்தத்தைவிடக் கூடும். அத்தகைய அளவுகளைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கூட்டுத்தொகை கடைசித் தசமத்தில் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இது இழப்பா?

தொகைப் புலம் மிதவைப் புள்ளி வகையில் இருந்தால் அது இழப்பு இல்லை. அந்த வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். கூட்டும் வரிசை மாறினாலும் விடையின் கடைசி இலக்கங்கள் மாறும். பல கணினிகள் பகிர்ந்து கூட்டும்போது அந்த வரிசை ஒவ்வொரு முறையும் வேறாகலாம். தொகையை `DECIMAL` வகையில் வையுங்கள், அல்லது மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள். பிறகு ஒப்பீட்டில் வேறுபாடு சுழியமாகவே இருக்க வேண்டும் என்று கேட்கலாம்.

ஒவ்வொரு வரியிலும் தொகையை இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்தும் படி ஒன்று இருந்தால் மட்டும் வரம்பு தேவை. அந்த வரம்பையும் உத்தேசமாக வைக்க வேண்டியதில்லை. ஒரு வரியில் அதிகபட்ச வேறுபாடு 0.005. எனவே 10,190 வரிகளுக்கு 50.95-க்கு மேல் வேறுபட வழியே இல்லை. ‘ஒரு விழுக்காடு’ என்று வைத்தால் அது 51,622 ஆகும். மேலே நாம் பார்த்த இணைப்புத் தவறு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

மூலம் ஒரு கோப்பு இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணை. எண்ணுவதற்குள் புதிய வரிகள் வந்துவிடுகின்றனவே?

எல்லையை முதலில் நிலைநிறுத்துங்கள். ஓட்டம் தொடங்கும்போதே மேல் எல்லையாக ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, எடுக்கும் கட்டளையிலும் எண்ணும் கட்டளையிலும் அதே எல்லையை இடுங்கள். கீழ் எல்லையில் `>=` என்றும் மேல் எல்லையில் `<` என்றும் எழுதினால், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் ஒரு வரி இரண்டிலும் வருவதோ இரண்டிலும் விடுபடுவதோ நேராது. `BETWEEN` இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும் என்பதால் இங்கே பொருந்தாது.

எல்லை வைத்த பிறகும், பழைய நேர முத்திரையுடன் தாமதமாகப் பதிவாகும் வரிகள் இருக்கலாம். அவற்றைக் காண, மூன்று நாட்களுக்குப் பின் அதே எல்லைகளுக்குள் மூலத்தை மறுபடி எண்ணி, அன்று குறித்து வைத்த எண்ணுடன் ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் அத்தனை வரிகள் உங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

சேருமிடத்திலும் இதே கவனம் வேண்டும். எழுதப்போகும் தரவை எண்ணாமல், எழுதி முடித்த அட்டவணையை மறுபடி படித்து எண்ணுங்கள். ஸ்பார்க்கில் `df.count()` பொதுவாகக் கணக்கீட்டைத் தொடக்கத்திலிருந்தே மறுபடி செய்யும். இடையில் மூலம் மாறியிருந்தால், எண்ணியது ஒன்றாகவும் எழுதியது வேறொன்றாகவும் இருக்கும்.

பொருந்தாவிட்டால் ஓட்டத்தை நிறுத்துவதா, எச்சரிக்கை மட்டும் அனுப்புவதா?

விளக்கப்படாத வேறுபாடு ஒரு வரியாக இருந்தாலும் நிறுத்துங்கள். ஒதுக்கிய வரிகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் எச்சரிக்கை அனுப்புங்கள். முதலாவது நிலையில், நடந்தது என்னவென்றே நமக்குத் தெரியாது. இரண்டாவது நிலையில் வரிகள் எங்கே உள்ளன, ஏன் உள்ளன என்பது தெரியும். அவற்றை எப்போது சரிசெய்வது என்ற கேள்வி மட்டுமே எஞ்சியிருக்கிறது. நிறுத்தும்போது, சரிபார்க்காத தரவு பயனர்கள் படிக்கும் அட்டவணைக்குப் போகாமல் இருக்க வேண்டும். இடைநிலை அட்டவணையில் எழுதி, சரிபார்த்து, அதன்பின்பே வெளி அட்டவணைக்கு மாற்றினால் நேற்றைய சரியான எண்கள் அங்கே தொடர்ந்து இருக்கும்.

ஒவ்வொரு படியின் எண்களையும் ஓட்ட எண்ணுடன் ஓர் அட்டவணையில் சேமித்து வையுங்கள். ஒரு படிக்கு ஒரு வரி போதும்:

```
run   step    in      out     rej  sum_in      sum_out     sum_rej
0417  parse   10240   10228   12   5187460.00  5178725.00  8735.00
0417  dedup   10228   10190   38   5178725.00  5162200.00  16525.00
0417  join    10190   10190   0    5162200.00  5162200.00  0.00
```

ஒரு வரியின் `in` எண், அதற்கு முந்தைய வரியின் `out` எண்ணாக இருக்கிறதா என்பதையும் நிரலே சோதிக்கட்டும். படிக்குள் எல்லாம் சரியாக இருந்து, இரண்டு படிகளுக்கு நடுவே பழைய கோப்பையோ பாதி எழுதிய அட்டவணையையோ எடுத்துக்கொள்ளும் தவறு இங்கேதான் பிடிபடும். `parse` வரியின் ஒதுக்கிய தொகையான 8,735-இல் 4,425 கையால் படித்து இட்டது. அப்படி இட்ட எண்ணுக்கு யார், எப்போது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை, தனி அடையாள எண்ணிக்கை, கூட்டுத்தொகை மூன்றும் பொருந்தினால் தரவு சரி என்று சொல்லிவிடலாமா?

வரிகள் தொலையவில்லை, பெருகவில்லை, தொகையின் மொத்தம் மாறவில்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு மதிப்பும் அதற்குரிய வரியில்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டு ஆர்டர்களின் தொகைகள் தங்களுக்குள் இடம் மாறினாலும் மூன்று எண்களும் அசையாமல் நிற்கும். நாளும் மாதமும் இடம் மாறி, 04-07 என்பது ஏப்ரலா ஜூலையா என்ற குழப்பத்தில் எல்லா வரிகளும் தவறான மாதத்துக்குப் போனாலும் மொத்தம் மாறாது.

இதில் பெரும்பகுதியை ஒரு சிறிய விரிவாக்கம் பிடித்துவிடும். மொத்தத்துக்கு ஒரே கூட்டு எடுப்பதோடு நிற்காமல், தேதிவாரியாகவோ கிளைவாரியாகவோ கூட்டு எடுத்து மூலத்துடன் ஒப்பிடுங்கள். நாள் மாதம் மாறிய தரவில் மொத்தம் 51,62,200 என்றே இருக்கும். தேதிவாரிப் பட்டியலிலோ, ஒரு நாளில் இருக்க வேண்டிய தொகை முழுவதும் அங்கே இல்லாமல், மூன்று மாதம் தள்ளி மற்றொரு நாளில் நிற்கும். அந்த ஒப்பீட்டை இரு பட்டியல்களுக்கும் இடையே `FULL OUTER JOIN` இட்டுச் செய்ய வேண்டும். உள் இணைப்பு இட்டால், ஒரு பக்கம் மட்டுமே உள்ள தேதிகள் ஒப்பீட்டிலிருந்தே விடுபட்டுப்போகும்.